தெரியாமல் நேர்ந்த படியெடுப்பும் ஆசிரியர் எழுதும் குறிப்பும்

மாணவர் கொடுத்த அசைன்மென்டில் ஒரு நூலின் வரிகள் அந்த நூலின் பெயர் சொல்லப்படாமல் வந்திருக்கின்றன. விசாரித்ததில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் தெரியவில்லை. எழுதும் முறை தெரியாததால் நேர்ந்த பிழை என்று விரிவுரையாளர் முடிவு செய்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில் அவர் மாணவருக்கு எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதமே இங்கே பேசப்படும் குறிப்பு. தண்டனை ஆணையாகவோ மன்னிப்புச் சீட்டாகவோ அது எழுதப்படுவதில்லை. எந்த வரி, எப்படி, ஏன் பிழையானது, அதை எப்படித் திருத்தி எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதையே அது சொல்கிறது.

இந்தியாவில் இந்தக் குறிப்புக்குத் தனி முக்கியத்துவம் ஏற்பட ஒரு சட்டக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கல்வி நேர்மை குறித்து ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ஒரு படைப்பில் பிற நூல்களோடு ஒத்துப்போகும் பகுதி எவ்வளவு என்பதைப் பொறுத்து அது நான்கு நிலைகளை வகுக்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆனால் இந்த விதிகள் ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை, நூல் போன்றவற்றுக்கே பொருந்தும். அசைன்மென்ட், பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை, தேர்வு விடைத்தாள் ஆகியவற்றை அதே விதிகள் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கின்றன. ஆகவே அகமதிப்பீட்டு அசைன்மென்டில் வரும் படியெடுப்பைக் கையாள்வது பெரும்பாலும் கல்லூரியின் நடைமுறையையும் வகுப்பு எடுக்கும் ஆசிரியரின் தீர்ப்பையும் பொறுத்தது. மாணவர் முதல் தடவை தவறும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். எம்.ஏ. வரலாறு இரண்டாம் பருவத்தில் தமிழ் வழியில் படிக்கும் ஒரு மாணவி, தமிழகத்தின் ஏரிப் பாசனம் பற்றி ஆறு பக்க அசைன்மென்ட் கொடுக்கிறார். கடைசிப் பக்கத்தில் துணைநூற்பட்டியல் இருக்கிறது. அதில் நான்கு நூல்கள். கட்டுரையின் உள்ளே எந்த வரி எந்த நூலிலிருந்து வந்தது என்ற அடையாளம் எங்கும் இல்லை. மூன்றாம் பக்கம் வரும்போது நடை திடீரென்று மாறுவதை ஆசிரியர் கவனிக்கிறார். அதுவரை "ஏரி ரொம்ப முக்கியமானது" என்ற சாயலில் போன எழுத்து, அங்கே இறுக்கமாகவும் செம்மையாகவும் ஆகிவிடுகிறது.

ஆசிரியரின் கண்ணுக்கு முதலில் பட வேண்டியதும் இந்த நடைமாற்றமே. ஒப்புமை காட்டும் மென்பொருள் தமிழில் அவ்வளவு துணை செய்வதில்லை. பழைய தமிழ் நூல்களின் மின்பிரதிகள் பல வெறும் படங்களாக இருக்கின்றன, அல்லது பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சாகியிருக்கின்றன. அவற்றை மென்பொருள் எழுத்தாகவே படிக்க முடியாது. தமிழ்ச் சொல்லின் விகுதியை மாற்றினாலே பொருத்தம் அறுந்துபோகும் சிக்கலும் உண்டு. அதனால் "ஒப்புமை 4 சதவீதம்" என்று வரும் அறிக்கை, கட்டுரை சுத்தம் என்பதற்குச் சான்றாகாது. நிறைய ஒப்புமை காட்டுவதும் குற்றத்துக்குச் சான்றாகாது. முறையாக மேற்கோளிட்ட பகுதியையும் நூற்பட்டியலையும் சேர்த்து எண்ணியிருக்கலாம்.

2018 விதிகளிலேயே, பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் சொற்றொடர்களில் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலானவற்றை ஒப்புமைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று இருக்கிறது. தமிழில் 14 சொல் என்பது மிக நீளம். உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி இது. ஒரு முழு வாக்கியமே ஒன்பது பத்துச் சொல்லில் முடிந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால், அப்படியே எடுத்த வாக்கியம் கண்ணில் படாமல் போய்விடும்.

மாணவியின் மூன்றாம் பக்கத்துக்கு மூலமான பத்தி இப்படி இருந்ததாகக் கொள்ளலாம்: "ஏரி நிரம்பி வழியும் இடத்தில் கலிங்கு கட்டப்படுகிறது. கரை உடையாமல் காப்பதற்காகவே உபரி நீர் இவ்வழியே அடுத்த ஏரிக்குத் திருப்பிவிடப்படுகிறது. இதனால் ஏரிகள் சங்கிலித் தொடராக இணைகின்றன." மாணவி எழுதியது: "ஏரி நிறைந்து வழியும் இடத்தில் கலிங்கு அமைக்கப்படுகிறது. கரை உடையாமல் பாதுகாப்பதற்காக மிகுதியான நீர் இதன் வழியே பக்கத்து ஏரிக்கு அனுப்பப்படுகிறது. இதனால் ஏரிகள் சங்கிலிபோல் இணைந்துள்ளன."

வாக்கியங்களின் வரிசை, எண்ணிக்கை, ஒவ்வொன்றின் கட்டமைப்பு எல்லாம் மூலத்தினுடையவை. "நிரம்பி" நிறைந்ததாகவும், "கட்டப்படுகிறது" அமைக்கப்படுவதாகவும், "உபரி" மிகுதியாகவும் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அமெரிக்காவில் எழுத்துக் கல்வி கற்பித்த பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹவர்ட் 1990களில் இந்த வகை எழுத்துக்கு "பேட்ச்ரைட்டிங்" என்று பெயரிட்டார். ஒட்டுப்போட்ட எழுத்து என்று தமிழில் சொல்லலாம். புதிய துறைக்குள் நுழையும் மாணவர்கள் அந்தத் துறையின் மொழி கைவராத நிலையில் இப்படித்தான் எழுதத் தொடங்குகிறார்கள், இது பெரும்பாலும் கற்றலின் ஒரு கட்டம் என்பது அவர் வாதம்.

இந்த எடுத்துக்காட்டில் ஒரு சொல் அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. மூலத்தில் "அடுத்த ஏரி" என்று இருப்பதை மாணவி "பக்கத்து ஏரி" என்று மாற்றியிருக்கிறார். கலிங்கு வழியாக நீர் போவது சரிவில் கீழே இருக்கும் ஏரிக்கு. பக்கத்தில் இருக்கும் ஏரி அதே மட்டத்திலோ மேட்டிலோ இருந்தால் அங்கே நீர் போகாது. ஏரிகள் ஏன் சங்கிலியாக அமைகின்றன என்பது மாணவிக்குப் புரிந்திருந்தால் அந்தச் சொல்லை மாற்றியிருக்க மாட்டார். ஒட்டுப்போட்ட எழுத்தின் உண்மையான நோய் இதுதான்: விஷயம் விளங்காத இடத்தில் கை சொல்லை மாற்றுகிறது. குறிப்பு எழுதும் ஆசிரியர் எல்லாவற்றுக்கும் முன்பாக இந்த ஒரு சொல்லை மாணவிக்குக் காட்டினால் போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

தெரியாமல் நேர்ந்ததா, தெரிந்தே செய்ததா என்பதைக் குறிப்பு எழுதுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாணவியைத் தனியாக அழைத்து, குறிப்பு எடுத்த நோட்டையும் கொண்டுவரச் சொல்வதே நம்பகமான வழி. "இதை எங்கிருந்து எடுத்தாய்?" என்று தொடங்கினால் மாணவி பயந்து மறுப்பார். "இந்தப் பக்கத்தை எப்படி எழுதினேன்னு முதல்லேர்ந்து சொல்லும்மா" என்று கேட்டால் நோட்டு தானாகத் திறக்கும்.

அங்கே தெரிவது பெரும்பாலும் ஒரே காட்சி. நீல மையில் நிறைய வரிகள். சில புத்தகத்தில் இருந்தபடியே, சில சுருக்கி, சில மாணவியின் சொந்த எண்ணம். மேற்கோள் குறியோ பக்க எண்ணோ எதிலும் இல்லை. "மேடம், நான் புத்தகத்தைப் பார்த்து எழுதலை, என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்கிறார் மாணவி. அது உண்மை. "இந்த வரி புத்தகத்தோடதா, உன்னோடதா?" என்று ஆசிரியர் விரலை வைத்துக் கேட்கும்போது மாணவியால் பதில் சொல்ல முடிவதில்லை. மூன்று வாரத்துக்கு முன் நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய வரி, இப்போது தன்னுடையதாகவே தெரிகிறது. படியெடுப்பு நிகழ்ந்தது கட்டுரை எழுதிய நாளில் அல்ல, குறிப்பெடுத்த நாளில்.

எண்ணத்தைக் காட்டும் அறிகுறிகள் வேறு விதமானவை. மூலநூலின் பெயரை மட்டும் பட்டியலில் இருந்து விலக்கியிருப்பது, பார்க்காத நூலுக்குப் பொய்யான பக்க எண் தருவது, இன்னொரு மாணவரின் கோப்பில் பெயரை மட்டும் மாற்றியிருப்பது, மென்பொருள் பிடிக்காதபடி எழுத்துகளை மாற்றி வைப்பது ஆகியவை மறைக்கும் முயற்சிகள். இந்த மாணவியின் பட்டியலில் மூலநூல் முதல் இடத்திலேயே இருக்கிறது. திருடியவர் திருடிய வீட்டின் முகவரியை எழுதி வைப்பதில்லை. இதுபோன்ற சான்றுகளின் அடிப்படையில்தான் விஷயம் ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகாமல் கற்பித்தலாகக் கையாளப்படுகிறது. மாணவியின் அழுகையோ நல்ல பெயரோ இதில் சான்று ஆகாது. நோட்டு காட்டப்படாமல், பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போனால் விஷயத்தைத் துறைத்தலைவரிடம் கொண்டுபோவதே முறை.

பின்னணிக் காரணம் ஒன்றையும் ஆசிரியர் மறக்கக் கூடாது. பள்ளிப் படிப்பு முழுவதும் பாடநூலில் இருந்தபடி வரி பிசகாமல் எழுதிய விடைக்கே முழு மதிப்பெண் கிடைத்து வந்தது. "காப்பி அடிப்பது" என்றால் தேர்வறையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்ப்பது என்றுதான் அங்கே பொருள். புத்தகத்தின் சொல்லை மனத்தில் ஏற்றி அப்படியே இறக்குவது நல்ல மாணவரின் அடையாளமாக இருந்தது. முதுகலையில் அதே செயல் ஒரே நாளில் குற்றமாகிவிடுகிறது. நிறுவனங்கள் ஒவ்வொரு பருவமும் இது குறித்து விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்று 2018 விதிகளே சொல்கின்றன. அந்தத் துறையில் அப்படி வகுப்பு நடக்கவில்லை என்றால், அதையும் குறிப்பில் ஒரு வரியாக ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

குறிப்பின் சொற்களில் முதல் கவனம், செயலுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் இருக்க வேண்டும். தமிழில் புழங்கும் "எழுத்துத் திருட்டு", "கருத்துத் திருட்டு" ஆகிய இரண்டிலும் திருட்டு இருக்கிறது. திருட்டு என்ற சொல்லுக்குள் எண்ணம் அடங்கியிருக்கிறது. எண்ணம் இல்லை என்று தீர்மானித்த பிறகு அந்தச் சொல்லை எழுதினால் குறிப்பு தன்னையே மறுக்கும். "மூலம் சுட்டாத பகுதி", "மூலத்துக்கு மிக நெருங்கிய எழுத்து" என்று செயலை அப்படியே விவரிப்பது மேல். எண்ணம் இல்லை என்பதற்காகச் செயலே நடக்காததுபோல் எழுதுவதும் தவறு. நூலாசிரியரின் உழைப்பு அவர் பெயர் இல்லாமல் வெளிவந்திருக்கிறது. அது தெரியாமல் நடந்தாலும் நடந்ததுதான்.

நல்ல குறிப்பு ஏறக்குறைய இப்படி அமையும்:

"உங்கள் அசைன்மென்டின் 3, 4, 5 ஆகிய பக்கங்களில் நான்கு இடங்களைக் கோடிட்டிருக்கிறேன். அவை பட்டியலில் நீங்கள் முதலில் தந்திருக்கும் நூலின் வரிகளுக்கு மிக நெருக்கமாக உள்ளன. மூலவரிகளை அருகில் எழுதியிருக்கிறேன்; இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் நோட்டைப் பார்த்தேன், பேசினோம். இது குறிப்பெடுக்கும் முறையில் நேர்ந்த பிழை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை. இந்தப் பிரதிக்கு மதிப்பெண் போடவில்லை. கோடிட்ட பகுதிகளைத் திருத்தி வரும் 14ஆம் தேதிக்குள் தாருங்கள்; அதை முழு மதிப்பெண்ணுக்கே திருத்துவேன். இந்தக் குறிப்பின் ஒரு படி என் கோப்பில் இருக்கும். இனி இது தெரியாது என்று சொல்ல முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 3ஆம் பக்கத்தில் 'பக்கத்து ஏரி' என்ற சொல்லைப் பற்றி உங்களோடு தனியாகப் பேச வேண்டும், வியாழக்கிழமை மதியம் வாருங்கள்."

நேரில் "வாம்மா, போம்மா" என்று பேசும் ஆசிரியரும் இங்கே "நீங்கள்" என்றே எழுதுகிறார். கோப்பில் இருக்கப்போகும் கடிதம் அது. மரியாதைப் பன்மை அதற்கு வேண்டியிருக்கிறது. குறிப்பு மாணவியின் கையில் மட்டுமே போய்ச் சேர வேண்டும். வகுப்பில் வாசிப்பது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "யாரும் இப்படிச் செய்யாதீர்கள்" என்று பெயர் சொல்லாமல் போடுவது இரண்டுமே, நடவடிக்கை இல்லை என்று எழுதிய ஆசிரியர் தானே கொடுக்கும் தண்டனை ஆகிவிடும். பெயர் இல்லாவிட்டாலும் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் யாரென்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

"இனிமேல் கவனமாக எழுதவும்" என்ற ஒற்றை வரிக் குறிப்பு பலருக்கும் எழுதப்படுகிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை. எதில் கவனம் என்பது மாணவிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலிலேயே நேர்ந்திருக்காது. கோடிட்ட நான்கு இடங்களும் அருகில் எழுதிய மூலவரிகளும்தான் குறிப்பின் உயிர். இதற்கு ஆசிரியருக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் இல்லையென்றால் இரண்டு இடங்களை மட்டும் முழுமையாகக் காட்டுவது, இருபது இடங்களில் சிவப்பு வட்டம் போடுவதைவிட நல்லது.

திருத்தும் முறையையும் குறிப்போ அதைத் தொடரும் சந்திப்போ சொல்லித் தர வேண்டும். பத்தியைப் படித்து, புத்தகத்தை மூடி, அது சொல்வதை வீட்டில் தம்பிக்கு விளக்குவதுபோல் எழுதிப் பார்ப்பதுதான் எளிய வழி. பிறகு புத்தகத்தைத் திறந்து இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்: செய்தி சரியா, சொற்கள் மூலத்தோடு தொடர்ச்சியாக ஒத்துப்போகின்றனவா. புத்தகத்தை மூடியதும் எழுத வரவில்லை என்றால் விஷயம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அப்போது சொல்லை மாற்றுவதில் பலன் இல்லை, பத்தியை மறுபடி படிக்க வேண்டும்.

மாணவி அப்படி எழுதியது இப்படி வரலாம்: "கலிங்கு வெறும் வடிகால் அல்ல என்பதை இந்நூல் காட்டுகிறது. மழை மிஞ்சும்போது கரைக்கு வரும் ஆபத்தை அது குறைக்கிறது. அப்படி வெளியேறும் நீரே சரிவில் கீழே உள்ள ஏரிக்கு வரவாகிறது. மேல் ஏரியின் பாதுகாப்பும் கீழ் ஏரியின் பாசனமும் ஒரே அமைப்பில் கட்டுண்டிருப்பதால்தான் நூலாசிரியர் இவற்றைச் சங்கிலி என்கிறார்." இதன் முடிவில் நூலாசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் வரும். மூலத்தில் இல்லாத ஒரு புரிதல் இதில் சேர்ந்திருக்கிறது. "சங்கிலி" என்ற உவமை மட்டும் நூலாசிரியருடையது. அது அவர் பெயரிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

"கலிங்கு" மாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு தடவை இப்படிக் குறிப்பு வாங்கிய மாணவர்கள் அடுத்த கட்டுரையில் எல்லாச் சொல்லையும் மாற்றத் தொடங்குவது வழக்கம். கலிங்கு "நீர் வழியும் அமைப்பு" ஆகிறது, சில சமயம் "மதகு" என்றே ஆகிவிடுகிறது. மதகு வயலுக்கு நீர் விடும் வழி. கலிங்கு மிஞ்சிய நீர் போகும் வழி. துறைச்சொல் யாருடைய சொத்தும் இல்லை, அதை அப்படியே எழுதுவது படியெடுப்பு ஆகாது. இந்த வரியைக் குறிப்பிலேயே சேர்த்துவிடுவது பின்னால் வரும் பல பிழைகளைத் தடுக்கும்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. "என்கிறார்", "என்று குறிப்பிடுகிறார்" என்ற வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. தொல்காப்பியர் "என்ப" என்று முடித்து முன்னோர் கருத்தைச் சுட்டிய காலத்திலிருந்தே நமது மரபு அதுதான். ஒரு நூற்பாவுக்கு அது போதும். ஆறு வாக்கியப் பத்தியின் கடைசியில் மட்டும் "என்கிறார்" வந்தால், அந்தச் சொல் கடைசி வாக்கியத்தைச் சுட்டுகிறதா, ஆறையுமா என்று வாசகருக்குத் தெரியாது. முதல் ஐந்தும் மாணவியின் சொந்தக் கருத்துபோல் நின்றுவிடும். "இந்நூலின் விளக்கப்படி" என்று பத்தியின் தொடக்கத்திலேயே வேலி போட்டு, தன் கருத்து தொடங்கும் இடத்தில் "இதிலிருந்து தெரிவது" என்று வெளியே வந்துவிட்டால் குழப்பம் தீரும். ஆங்கில வழிகாட்டிகளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்கும் கல்லூரிகளில் இந்த விஷயம் சொல்லித் தரப்படுவதே இல்லை.

நோட்டுக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். இடது பக்கத்தில் புத்தகம் சொல்வது, அப்படியே எடுத்த வரிக்கு மேற்கோள் குறி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண். வலது பக்கத்தில் மாணவிக்குத் தோன்றியது. கட்டுரை எழுதும்போது இடது பக்கத்திலிருந்து வரும் எதற்கும் மூலம் சுட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தாலும் எது யாருடையது என்று தெரியும்.

திருத்திய பிரதி 14ஆம் தேதி வந்ததும் ஆசிரியர் கோடிட்ட நான்கு இடங்களை மட்டும் பார்த்தால் போதாது; கோடிடாத ஓரிரண்டு பத்திகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். காட்டிய இடம் மட்டும் மாறியிருந்தால் மாணவி திருத்தியிருக்கிறார், கற்கவில்லை. மற்ற இடங்களும் மாறியிருந்தால் குறிப்பின் அடியில் "திருத்திய பிரதி கிடைத்தது, முடிந்தது" என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்திட்டு மாணவிக்கும் ஒரு படி தர வேண்டும். இந்தக் கடைசிக் கையெழுத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் விஷயம் முடிந்ததா என்ற பயம் மாணவியிடம் பருவம் முழுக்கத் தங்கிவிடும்.

அதே மாணவி நான்காம் பருவத்தில் ஆய்வேடு எழுதினால், அது 2018 விதிகளின் எல்லைக்குள் வருகிறது. அங்கே புகார் எழுந்தால் அது துறையின் கல்வி நேர்மைக் குழுவுக்குப் போகும். அந்தக் குழு 45 நாட்களுக்குள் தன் பரிந்துரையைத் தர வேண்டும்.